ஒரு நாற்காலி, இரண்டு மேஸ்திரிகள்

என் தங்கை மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறான். போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் செய்தான். அந்த நேரத்துக்குக் கூப்பிட்டால் வீட்டு விஷயமாக இருக்காது, ஆபீஸ் தலைவலிதான்.

"மாமா, ஒரு சூப்பர்வைசர் போஸ்ட் இருக்கு. உள்ளேயே ரெண்டு பேர். படிப்பு, சர்வீஸ், வேலை எல்லாம் ஒண்ணு போலத்தான். யாரைப் போட்டாலும் இன்னொருத்தருக்கு மனசு ஒடியும். நீங்க லேபர் ஆபீஸ்ல இருந்தவர்தானே, என்ன செய்யலாம்?"

அவனுக்கு நான் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். மில் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். ஊர்ப் பெயரை வைத்தே கூப்பிட்டுக்கொள்வோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் சூப்பர்வைசர் ஒருவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு உள்ளேயிருந்தே ஆள் போடுவது வழக்கம். தகுதியான மேஸ்திரிகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கடம்பூர்க்காரர், மற்றவர் கழுகுமலைக்காரர். இரண்டு பேரும் எஸ்.எஸ்.எல்.சி., இருவருக்கும் பதினாறு வருஷ சர்வீஸ். டாபராகச் சேர்ந்து, சைடராகி, மேஸ்திரியானவர்கள். கடம்பூர்க்காரர் மூன்று மாதம் முன்னால் சேர்ந்தவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் மேனேஜர் நல்ல மனுஷர். அவசரப்படாமல் இரண்டு பேருக்கும் பதினைந்து நாள் பொறுப்பு கொடுத்துப் பார்த்தார். ஒரே ஷிப்டில் ஆளுக்கு ஒரு வரிசை மெஷின். எதை வைத்து அளப்பது? ஸ்பின்னிங்கில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. நூறு கதிர் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை முறை இழை அறுகிறது என்று எண்ணுவார்கள். அறுந்தால் சைடர் ஓடிவந்து ஒட்ட வேண்டும், அதுவரை அந்தக் கதிரில் நூல் இல்லை, கழிவுதான். ஆகவே இழை குறைவாக அறுந்தால் ஆளை நன்றாக வேலை வாங்குகிறார், மெஷினைச் சுத்தமாக வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

பதினைந்து நாள் முடிவில் கடம்பூர்க்காரர் பக்கம் ஐந்து, கழுகுமலைக்காரர் பக்கம் எட்டு. மேனேஜர் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போது ஸ்பின்னிங் மாஸ்டர் தடுத்தார். "சார், அவர் ஓட்டினது நாற்பதாம் நம்பர். இவர் ஓட்டினது அறுபது. அறுபதுல நூலே சன்னம், பஞ்சு இழை குறைச்சல், அறுக்கத்தான் செய்யும். அதோட அந்த வரிசை மேற்கு ஜன்னல் பக்கம். மேகாத்து அடிக்கிற மாசம், ஈரம் நிக்காது."

நம்ம கரிசல் காட்டில் ஆனி, ஆடியில் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காற்று காய்ந்தால் பஞ்சு பறக்கும், நூல் பட்டுப் பட்டென்று அறும். மேனேஜர் வரிசையை மாற்றிக் கொடுத்து இன்னொரு பதினைந்து நாள் பார்த்தார். இப்போது கழுகுமலைக்காரர் பக்கம் ஐந்து, கடம்பூர்க்காரர் பக்கம் எட்டு. கணக்கு ஆளோடு போகவில்லை, மெஷினோடு இருந்துவிட்டது.

இது வரைக்கும் அந்த மேனேஜர் செய்தது அத்தனையும் சரி. மாற்றிப் பார்க்காமல் விட்டிருந்தால், மெஷினுக்கு விழுந்த மார்க்கை ஒரு மனுஷன் தலையில் கட்டியிருப்போம். என் தங்கை மகனிடமும் இதைத்தான் முதலில் சொன்னேன். இரண்டு பேரும் சமம் என்று சொல்லும் முன்னால், ஒருவர் இன்னொருவரைவிட மேல் என்று சொல்லும் முன்னாலும்தான், இடத்தை மாற்றிக் கொடுத்துப் பார்.

தப்பு அதற்குப் பிறகுதான் நடந்தது. அதில் என் கையும் உண்டு.

இரண்டு பேரும் சமம் என்றான பிறகு மேனேஜர் கடம்பூர்க்காரரைத் தேர்ந்தெடுத்தார். மூன்று மாதம் மூத்தவர், அது நியாயமான காரணம். ஆனால் அவருக்கே அது போதவில்லை. "மூணு மாசம்தான் காரணம்னு எழுதினா மேலிடத்துல சிரிப்பாங்க. கழுகுமலைக்காரரைப் பத்தி ஃபைல்ல ஒரு வரி போடுங்க" என்றார்.

நான் தேடினேன். ஒரு வருஷத்துக்கு முன்னால், ஓடுகிற மெஷினுக்குள் கையை விடப்போன ஒரு டாபர் பையனை அவர் சத்தம் போட்டுத் திட்டியிருந்தார். பையன் அழுதுகொண்டு ஆபீசுக்கு வந்ததும், நாங்களே அவனுக்குப் புத்தி சொல்லி அனுப்பியதும் எனக்கு ஞாபகம் இருந்தது. அதை வைத்து நான் எழுதினேன்: "தொழிலாளரிடம் கடுமையாக நடந்துகொள்ளும் போக்கு உண்டு." ஒரு பையனின் விரலைக் காப்பாற்றிய காரியம் என் பேனாவில் குற்றமாகிவிட்டது.

ஆர்டரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். அவரைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆபீசில் எதுவும் ரகசியமாக நிற்காது. இரண்டாம் நாள் அந்த வரி அவர் காதுக்குப் போய்விட்டது. அரை நைட் முடிந்து என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"சார், அவர் மூணு மாசம் மூத்தவர், அதனால அவருக்குன்னு சொல்லியிருந்தா கை கொடுத்துட்டுப் போயிருப்பேன். என்னைக் கெட்டவன்னு எதுக்கு எழுதுனீக?"

எனக்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகு அவர் டிபார்ட்மெண்டில் சத்தமே போட்டதில்லை. போட வேண்டிய இடத்திலும் போடவில்லை. பையன்கள் ஓடுகிற மெஷின் பக்கம் குனிந்தால்கூட, போய் சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு வருவார். பதவி கிடைத்த கடம்பூர்க்காரரும் சந்தோஷமாக இல்லை. "அவர் முகத்தைப் பாத்து வேலை சொல்ல முடியல சார்" என்று என்னிடமே சொன்னார். ஒரு வரியில் இரண்டு நல்ல மேஸ்திரிகளைக் கெடுத்தோம்.

இதில் என் கருத்து இதுதான். சமமான இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் அநியாயம் இல்லை. தேர்ந்தெடுக்காதவரிடம் இல்லாத குறையை உண்டாக்குவதுதான் அநியாயம். நம் மனசு அப்படித்தான் வேலை செய்கிறது. காரணம் சின்னதாக இருந்தால் நமக்கு வெட்கமாக இருக்கிறது, அதைப் பெரிதாக்க இன்னொருவரைச் சின்னவராக்குகிறோம்.

பணி மூப்பு ஒன்றும் வெட்கப்படும் காரணம் இல்லை. நம்மில் பலர் பாண்டியன் கிராம வங்கியில் கணக்கு வைத்திருந்தோம், இப்போது அது தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. இந்த மாதிரி கிராம வங்கிகளின் பதவி உயர்வு பற்றி 1998-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. வழக்கு ராயலசீமா பக்கத்து வங்கியைப் போன்றவை சம்பந்தப்பட்டது. 'மூப்பும் தகுதியும்' என்று விதியில் இருந்தும், வங்கிகள் நேர்முகத் தேர்வுக்கும் மற்றதுக்கும் மார்க் போட்டு, கூட்டி, அதிகம் வாங்கியவரை எடுத்தன. கோர்ட் அதை ஏற்கவில்லை. வேலைக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதி இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம், அதைத் தாண்டியவர்களில் மூத்தவருக்கே முதல் இடம், இளையவர் கூடுதல் கெட்டிக்காரராக இருந்தாலும் சரி என்றது. தனியார் மில்லை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கள் மேனேஜர் சிரிப்பார்கள் என்று பயந்த காரணத்தை நாட்டின் பெரிய கோர்ட்டே போதும் என்றிருக்கிறது.

தேர்தல் சட்டமும் இப்படித்தான். 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி இரண்டு வேட்பாளருக்கும் ஓட்டு சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சீட்டு விழுந்தவர் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது சட்டம். தோற்றவர் ஓட்டில் ஒன்றைக் குறைக்கச் சொல்லவில்லை. நான் ஃபைலில் செய்தது அந்தக் குறைக்கிற வேலையைத்தான்.

"அப்போ திறமைக்கு மதிப்பு இல்லையா மாமா?" என்று கேட்டான் மருமகன். உண்டு, அதை முதலில் பார்த்து முடித்துவிட வேண்டும். அதில் பிரிந்துவிட்டால் மூப்புப் பேச்சே வராது. பிரியாவிட்டால்தான் மூப்பு. இந்த வரிசையையும் ஆள் எடுக்கும் முன்னாலேயே இரண்டு பேரிடமும் சொல்லிவிட வேண்டும். முடிவுக்குப் பிறகு சொல்லும் விதி, எத்தனை நல்ல விதியாக இருந்தாலும், சாக்கு மாதிரிதான் கேட்கும்.

ஒருவர் மேல் குறை எழுதத் தோன்றினால் ஒரு சோதனை உண்டு. அந்தக் குறை, இடம் காலியாவதற்கு முன்னால் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெமோ, எச்சரிக்கை, ரிஜிஸ்டர் ஏதாவது. நாற்காலி காலியான பிறகுதான் முதன்முதலாக அந்தக் குறை எழுத்தில் வருகிறது என்றால், அது ஆளின் குறை இல்லை, எழுதுகிறவனின் தேவை.

கடைசியாக, கிடைக்காதவரிடம்தான் முதலில் பேச வேண்டும். நோட்டீஸ் ஒட்டும் முன்னால், தனியாக, உட்கார வைத்து, "நீங்க குறைச்சல் இல்லை, சமம். விதிப்படி மூத்தவருக்குப் போகுது" என்று சொல்ல வேண்டும். அவர் கோபப்பட்டால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த இடம் உனக்குத்தான் என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது, அது நம் கையில் இல்லை.

நேற்று மருமகன் மறுபடி பேசினான். கிடைக்காதவரிடம் முதலில் போய்ச் சொன்னானாம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி சார், நேரா சொன்னீங்க" என்று எழுந்து போனாராம். அடுத்த நாள் வேலைக்கு வந்திருக்கிறார். முகம் வாடித்தான் இருந்தது என்றான். இருக்காதா பின்னே?

எங்கள் கழுகுமலைக்காரர் மேஸ்திரியாகவே ஓய்வு பெற்றார். அந்த வரியை எடுத்துவிட நான் பிறகு ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். ஃபைல் தலைமை ஆபீசுக்குப் போய்விட்டது, இனி தொட முடியாது என்றார்கள். அவர் போன அன்று மாலை போட்டுப் படம் எடுத்தோம். படத்தில் அவர் பக்கத்தில்தான் நான் நிற்கிறேன். ஃபைலில் அந்த வரிக்குக் கீழே இருக்கும் கையெழுத்தும் என்னுடையதுதான்.