மகளின் கடிதம் போதாது

வெளிநாட்டில் இருக்கும் மகள் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினால், ஊரிலிருக்கும் உறவினர் அப்பாவின் காப்பீட்டுப் பணத்தைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று நம் குடும்பங்களில் பரவலாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. முதியவர்களை அலைக்கழிக்கும் தவறு என்பதால் இதை எதிர்த்தே ஆக வேண்டும்.

கும்பகோணத்தில் இருக்கும் 78 வயதுத் தந்தையை எடுத்துக்கொள்வோம். பாலிசி அவர் பெயரில் இருக்கிறது; பிரீமியத்தை மட்டும் மெல்போர்னில் இருக்கும் மகள் கட்டுகிறாள். அவருக்கு இடுப்பெலும்பு முறிவு அறுவை சிகிச்சை நடக்கிறது. ஆஸ்பத்திரியில் 1,85,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டுகிறார்கள். “அத்தை மகன் செந்திலுக்கு அதிகாரம் அளிக்கிறேன்” என்று மகள் எழுதியனுப்புகிறாள். டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், ரசீதுகளுடன் செந்தில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனால் அந்தக் கடிதத்தை ஏற்க மாட்டார்கள். அதில் நியாயம் உண்டு. பிரீமியம் கட்டியதாலேயே அவள் பாலிசிதாரர் ஆகிவிடவில்லை. தன்னிடம் இல்லாத உரிமையை அவள் எப்படி இன்னொருவருக்குக் கொடுக்க முடியும்?

அங்கே தேவைப்படுவது அப்பாவின் கையெழுத்து. க்ளெய்ம் படிவத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். காகிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க செந்திலை அனுப்புவதாகவும் அவரே எழுத வேண்டும். கை நடுங்கினால் சாட்சிகள் முன் பெருவிரல் ரேகை வைக்கலாம். பணமும் செந்தில் கைக்கு வராது. கேன்சல் செய்த காசோலையில் உள்ள பாலிசிதாரரின் கணக்குக்கே அது போகும். அதனால் ‘பெற்றுக்கொள்ள அதிகாரம்’ என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை.

பாலிசியை மகளே தன் பெயரில் எடுத்து அப்பாவைச் சேர்த்திருந்தால் நிலைமை வேறு. அப்போது அவள் கடிதம் செல்லும். பணம் அவள் கணக்குக்கு வரும். எது உங்கள் நிலை என்பதை பாலிசியின் முதல் பக்கத்தில் உள்ள பெயரே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் கடிதம் எழுதுவதில்தான் வாரங்கள் வீணாகின்றன.

இதைவிடக் கொடிய நம்பிக்கை ஒன்று உண்டு: அப்பா நினைவிழந்தாலும் பவர் பத்திரம் காப்பாற்றும் என்பது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் முகமை முடிந்துவிடும். எந்த நேரத்துக்காக பவர் எழுதி வைத்தார்களோ, அந்த நேரத்தில்தான் அது செல்லாமல் போகிறது. அதன்பின் பாதுகாவலர் நியமனம் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். கோமாவில் இருப்பவர்களின் குடும்பங்கள் இப்படிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியதுண்டு.

ஆகவே வெளிநாட்டு மகள்களே, மகன்களே, அப்பா தெளிவாக இருக்கும்போதே அவரிடம் பேசுங்கள். அவரும் சம்மதித்தால், அடுத்த பாலிசியை உங்கள் பெயரில் எடுத்து அவரை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் பெயரிலேயே இருக்கட்டும் என்றால், நம்பகமான ஒருவரை அவரே தேர்ந்தெடுத்து, அவரே கையெழுத்திடட்டும்.