தொடையில் எரிச்சல், இடுப்பில் காரணம்

தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது, கூடவே எரிகிறது என்று வருகிறவர்கள் அந்த இடத்தைக் காட்டும் விதமே பாதி நோயைச் சொல்லிவிடும். முதுகு வலிக்காரர் விரல் நுனியால் இடுப்பிலிருந்து குதிகால்வரை ஒரு கோடு இழுப்பார். இவர்களோ உள்ளங்கையை விரித்து, பேன்ட்டின் பக்கவாட்டுப் பாக்கெட் இருக்கும் இடத்தில் வைத்து, முழங்காலுக்குச் சற்று மேலே வரைக்கும் தடவிக் காட்டுவார்கள். ஒரு தடவைக்கு மேல் தடவ மாட்டார்கள். துணி உரசினாலே அங்கே சுள்ளென்று இருக்கும்.

ஜவுளிக் கடையில் விற்பனையாளராக இருக்கும் 43 வயதுக்காரர் ஒருவர் அப்படித்தான் காட்டினார். வலது தொடை. "நின்னுட்டே இருந்தா மதியத்துக்கு மேல நெருப்பு பட்ட மாதிரி எரியுது சார். கிள்ளிப் பார்த்தா மரக்கட்டை மாதிரி இருக்கு. உட்கார்ந்தா கொஞ்ச நேரத்துல அடங்கிடுது" என்றார். வரும்போதே கையில் ஒரு பெரிய ஸ்கேன் உறை. இடுப்புத் தண்டுவடத்தில் எம்ஆர்ஐ எடுத்திருந்தார்கள். நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட். அதைப் படித்த நாளிலிருந்து குனியவே பயந்துகொண்டிருந்தார்.

அந்தப் பிதுக்கத்துக்கும் இந்த எரிச்சலுக்கும் சம்பந்தம் இல்லை. 40 வயதானவர்களை எந்த வலியும் இல்லாத நிலையில் ஸ்கேன் எடுத்தாலும், ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஒரு பிதுக்கம் தெரியும். அந்த மட்டத்தில் நரம்பு நசுங்கினால் வலி முழங்காலுக்குக் கீழே, கால் விரல்வரை இறங்க வேண்டும். இவருக்கு முழங்காலைத் தாண்டவே இல்லை.

நசுங்கியது வேறு நரம்பு. இடுப்புத் தண்டுவடத்தின் இரண்டாம், மூன்றாம் முள்ளெலும்பு மட்டத்தில் கிளம்பி, இடுப்புக் கூட்டுக்குள் முன்னோக்கி ஓடி, கவட்டையின் வெளிக்கோடி வழியாகத் தொடைக்கு இறங்குகிறது. இடுப்பின் முன்பக்கம் இரு புறமும் கையால் தொட்டால் ஓர் எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கும். அதிலிருந்து கவட்டையின் உள்பக்கம் வரை ஓர் உறுதியான தசைநார் இழுத்துக் கட்டியதுபோல் போகிறது. எலும்பு முனைக்கு ஓரிரு சென்டிமீட்டர் உள்ளே, அந்தத் தசைநாருக்கு அடியில் இருக்கும் இடுக்கில்தான் நரம்பு வெளியே வருகிறது. வந்ததும் சட்டென்று கீழ்நோக்கி மடங்குகிறது. கதவு நிலைக்கு அடியில் இழுத்த ஒயர், கதவைச் சாத்தும்போதெல்லாம் நசுங்குவதுபோல இங்கே இது நசுங்குகிறது. சிலருக்கு நரம்பு தசைநாரைத் துளைத்துக்கொண்டோ, எலும்பு முனையின் மேலேயோ போவதும் உண்டு. அவர்களுக்குச் சிறு அழுத்தமே போதும்.

இந்த நரம்புக்குத் தசையில் வேலை கிடையாது. தொடையின் வெளிப்பக்கத் தோலில் படும் தொடுதலையும் சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. எவ்வளவு எரிந்தாலும் கால் பலம் குறையாமல் இருப்பது அதனால்தான்.

மரத்தும் போய், எரியவும் செய்வது எப்படி என்று கேட்பார்கள். ஒரு நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. அழுத்தம் கூடும்போது இரத்த ஓட்டம் குறைந்து, இழைகளைச் சுற்றியிருக்கும் உறை கெடுகிறது. தொடுதலைச் சொல்ல வேண்டிய இழைகள் அடங்கிப்போகின்றன, அதுதான் மரப்பு. மற்ற இழைகளோ தூண்டுதல் எதுவும் இல்லாமலேயே சேதி அனுப்பத் தொடங்குகின்றன, அதுதான் எரிச்சல். இரண்டும் ஒரே காயத்தின் இரண்டு முகங்கள்.

பெல்ட்டுக்கும் உடல் எடைக்கும் இதில் என்ன பங்கு என்பதை அந்த விற்பனையாளரே தெரியாமல் சொல்லிவிட்டார். "பத்து வருஷமா இடுப்பு அளவு 36தான் சார், மாறவே இல்ல" என்றார். அதில் அவருக்குப் பெருமை. எடை அந்தப் பத்து வருடத்தில் 79 கிலோவிலிருந்து 93 கிலோவாகியிருந்தது. அளவு நாடாவைத் தொப்புள் மட்டத்தில் சுற்றியபோது 42 அங்குலம் காட்டியது. அப்படியானால் 36 அங்குல பேன்ட் எங்கே நிற்கிறது? தொப்பைக்குக் கீழே. வயிறு முன்னால் வளர வளர பேன்ட் வழுக்கி இறங்கி, கடைசியில் அந்த எலும்பு முனைகளில் வந்து தங்கிவிட்டது. அங்கிருந்தும் நழுவாமலிருக்கப் பெல்ட்டை ஒரு துளை கூடுதலாக இறுக்கியிருந்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது, எலும்பு முனைக்குச் சற்று உள்ளே தோல் கருத்து, பக்கிள் பதிந்த தழும்பே தெரிந்தது.

பேன்ட் அளவு மாறாததை உடம்பு மாறாததற்குச் சாட்சியாக நினைக்கிறோம். மாறியது அதைக் கட்டும் இடம். எடை கூடும்போது நரம்புக்கு இரண்டு பக்கமும் அடி: உள்ளிருந்து வயிற்றின் கனம் தசைநாரைத் தள்ளுகிறது, வெளியிலிருந்து பெல்ட் அழுத்துகிறது. நேராக நிற்கும்போதும் நீட்டி நடக்கும்போதும் நரம்பு விறைத்து இழுபடுகிறது. உட்கார்ந்தால் தளர்கிறது. நாள் முழுக்க நின்றே வேலை செய்பவருக்கு மதியத்துக்கு மேல் எரிவதன் காரணம் இதுதான்.

பேன்ட் போடுகிறவர்களுக்கு மட்டும் வருவதல்ல இது. அகலமான வேட்டி பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறுக்கிக் கட்டுபவர்களுக்கும், உள்பாவாடை நாடாவை இடுப்பெலும்பு மட்டத்தில் முடிச்சுப் போடும் பெண்களுக்கும் வரலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வருவது பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே அடங்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. ஆகவே இந்த எரிச்சலோடு வருபவருக்குச் சர்க்கரை பார்ப்பது என் வழக்கம். 1895-இலேயே ரஷ்ய மருத்துவர் விளாதிமிர் ரோத், இறுக்கமான பெல்ட் அணிந்த குதிரை வீரர்களிடம் இதைக் கவனித்து 'மெரால்ஜியா பாரெஸ்தெடிகா' என்று பெயரிட்டார். சிக்மண்ட் ஃபிராய்டும் அதே ஆண்டில் தன் தொடையில் வந்த இதே தொல்லையைப் பற்றி எழுதியிருக்கிறார்.

இதைக் கண்டுபிடிக்கக் கைகளும் ஒரு துண்டுப் பஞ்சும் பெரும்பாலும் போதும். அந்த விற்பனையாளரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொடையைத் தொட்டுக்கொண்டே போனேன். உணர்ச்சி மாறும் இடத்திலெல்லாம் பால்பாயின்ட் பேனாவால் புள்ளி வைத்தேன். புள்ளிகளைச் சேர்த்தபோது தொடையின் வெளிப்பக்கத்தில் நீள்வட்டமாக ஓர் எல்லை வந்தது. உள்தொடையில் உணர்ச்சி சரியாக இருந்தது. முழங்காலை நீட்டச் சொல்லிக் கையால் தடுத்தேன்; முழு பலத்தோடு நீட்டினார். முழங்கால் சில்லுக்குக் கீழே சுத்தியலால் தட்டியபோது கால் துள்ளியது. பிறகு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மேலே இருந்த வலது இடுப்பெலும்பைக் கைகளால் கீழ்நோக்கி 45 விநாடி அழுத்திப் பிடித்தேன். அப்படி அழுத்தும்போது தசைநார் தளர்கிறது. "இப்ப எரிச்சல் குறையுது சார்" என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. பேனாக் கோட்டை அவருடைய செல்பேசியிலேயே படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இதே எரிச்சலோடு மாடிப்படி ஏறும்போது முழங்கால் மடங்கினால், தொடையின் உள்பக்கமோ முழங்காலுக்குக் கீழோ மரத்தால், முதுகிலிருந்து வலி பாய்ந்தால், சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் அது வேறு கதை. உடனே பார்க்க வேண்டும். எரிச்சல் தொடங்கிய சில நாளில் அதே இடத்தில் நீர்க் கொப்புளம் வந்தால் அது அக்கியாக இருக்கலாம். அதற்கு மருந்தைச் சீக்கிரம் ஆரம்பிப்பது முக்கியம்.

வீட்டில் பலரும் முதலில் செய்வது வெந்நீர் ஒத்தடம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. ஒத்தடப் பையால் கொப்பளித்த தொடைகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

விற்பனையாளருக்கு நான் சொன்ன முதல் மருந்து பெல்ட்டைக் கழற்றுவது. அது அவருடைய சீருடையில் சேர்ந்தது என்பதால், பெல்ட் இல்லாமல் சட்டையை வெளியே விட்டுக்கொள்ள அனுமதிக்கக் கேட்டுக் கடைக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். தையல்காரரிடம் போய், தொப்புள் மட்டத்தில் நிற்கும்படி, இரு பக்கமும் எலாஸ்டிக் வைத்த பேன்ட் தைத்துக்கொள்ளச் சொன்னேன். தமிழ்நாட்டில் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரச் சொன்னேன். இரவில் எரிச்சல் தூக்கத்தைக் கெடுத்ததால், நரம்பு வலிக்கான மாத்திரையைக் குறைந்த அளவில், படுக்கும் முன் எழுதிக் கொடுத்தேன். இந்த வகை மாத்திரைகள் மயக்கம் தருபவை. கடையில் கேட்டு வாங்கிப் போடுபவை அல்ல.

பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவிலேயே சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிந்துவிடும். தணியாதவர்களுக்கு எலும்பு முனைக்குப் பக்கத்தில், நரம்பைச் சுற்றி, மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்து ஊசி போடலாம். ஊசி போட்ட சில நிமிடங்களில் எரிச்சல் நின்றால், நோய் இதுதான் என்பதும் உறுதியாகிவிடும். அறுவை சிகிச்சை கடைசி வழி. தசைநாரைத் தளர்த்தி நரம்பை விடுவிப்பது ஒன்று. நரம்பையே வெட்டிவிடுவது இன்னொன்று. வெட்டினால் வலி போகும், மரப்பு நிரந்தரமாக நிற்கும். அந்த நிலைக்கு வருகிறவர்கள் மிகச் சிலரே.

அவருக்கு மூன்றாவது வாரத்தில் எரிச்சல் பாதியாகிவிட்டது. இரண்டு மாதத்தில் மாத்திரையை நிறுத்தினோம். நான்காவது மாதம் மறுபடியும் பஞ்சும் பேனாவும் எடுத்தேன். பழைய படத்தோடு ஒப்பிட்டால் மரத்த இடம் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. எடை மூன்று கிலோதான் குறைந்திருந்தது. ஆனால் அழுத்தம் போய்விட்டது. மிச்சமிருக்கும் மரப்பு முழுவதும் மறையலாம், கொஞ்சம் தங்கியும்விடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். நரம்பின் உறை வளர வாரங்கள் ஆகும். உள்ளே இழையே அறுந்திருந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் அது முளைத்து வரும்.

அடுத்த முறை பேன்ட் தைக்கக் கொடுக்கும்போது பழைய அளவைச் சொல்லாதீர்கள். நாடாவைத் தொப்புள் மட்டத்தில் ஒருமுறை, பேன்ட் உண்மையில் நிற்கும் இடத்தில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பல அங்குலம் வித்தியாசம் இருந்து, தொடையின் வெளிப்பக்கம் எரியவும் செய்தால், முதுகை ஸ்கேன் எடுக்கும் முன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.