உண்டியல் சாதி கேட்பதில்லை. கணக்கு கேட்பவரிடம் மட்டும் ஏன்?

"உண்டியல் திறப்பு அறிவிப்பு" என்று கோயில் வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். தேதி, நேரம், எண்ணும் மண்டபம், வரவிருக்கும் அதிகாரிகள், கடைசியில் "பக்தர்கள் முன்னிலையில்" என்ற இரண்டு சொற்கள். நம்மில் பலர் அதைப் படிக்காமல் கடந்து போகிறோம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் நின்று படிக்க வேண்டிய தாள் அது. ஏனென்றால் அந்த இரண்டு சொற்களும் யாரும் கருணையோடு தந்தவை அல்ல. கோயில் பணத்துக்குப் பொதுக் கணக்கு வேண்டும் என்று நீதிக்கட்சி ஆட்சி 1925இல் சட்டம் கொண்டுவந்தபோது எழுந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. அந்த வழியில் வந்ததுதான் 1959ஆம் ஆண்டின் அறநிலையத்துறைச் சட்டம். உண்டியலை வைப்பது, காப்பது, கணக்கில் கொண்டுவருவது ஆகியவற்றுக்கென்றே 1975இல் தனி விதிகளும் வந்தன.

விதிகளின் அடிப்படை எளிமையானது: எந்த ஒரு ஆளும் தனியாக உண்டியலைத் திறக்க முடியக் கூடாது. அதனால்தான் இரண்டு பூட்டுகள். ஒரு சாவி கோயில் நிர்வாகத்திடம், இன்னொன்று துறையிடம். பூட்டின் மேல் முத்திரை. திறக்கும் நாளில் முதல் வேலை எண்ணுவது அல்ல, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று எல்லோர் முன்னிலையிலும் பார்ப்பது. பிறகு பணத்தைக் கொட்டி, நோட்டுகளை வகைவாரியாகப் பிரித்து, எண்ணி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, வங்கியில் செலுத்த வேண்டும். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே இருக்கும் திருச்செந்தூர் போன்ற பெரிய கோயிலில் ரொக்கம், தங்கம், வெள்ளி, வெளிநாட்டு நோட்டுகள் என்று தனித்தனியாக அறிவிக்கிறார்கள். செய்தித்தாளிலும் வருகிறது.

ஆனால் மொத்தத் தொகை மட்டும் போதாது. பலகையில் "மொத்தம் ரூ.87,450" என்று எழுதியிருந்தால் அதை நம்பலாம், நம்பாமலும் போகலாம்; சரிபார்க்க முடியாது. அதையே இப்படி எழுதினால்? ஐந்நூறு ரூபாய் நோட்டு 90, அதாவது 45,000. நூறு ரூபாய் நோட்டு 280, அதாவது 28,000. பத்து ரூபாய் நோட்டு 1,000, அதாவது 10,000. நாணயம் 4,450. இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடக் கூட்டிப் பார்க்கலாம். கூடவே வங்கிச் சலான் நகலை ஒட்டினால் எண்ணிய தொகையும் வங்கிக்குப் போன தொகையும் ஒன்றா என்று தெரிந்துவிடும். பணம் எண்ணும் மேசையில்தான் காணாமல் போகும் என்று நினைக்க வேண்டாம். மேசைக்கு வருமுன் முத்திரையில் நடக்கலாம், மேசையை விட்ட பின் வங்கிக்குப் போகும் வழியில் நடக்கலாம். அறிவிப்பு இந்த இரண்டு இடங்களைப் பற்றியும் பேச வேண்டும்.

இனி நமக்கான கேள்விக்கு வருவோம். "பக்தர்கள்" என்றால் யார்? தென்மாவட்டக் கிராமங்களில் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். சேரித் தெருவில் மட்டும் வரி வாங்க மாட்டார்கள். பணம் மிச்சமாகட்டும் என்ற இரக்கத்தினால் அல்ல. வரி கொடுத்தவனுக்குக் கோயிலில் பங்கு உண்டு, பங்கு உள்ளவன் கணக்குக் கேட்பான். வரியை மறுப்பது உரிமையை மறுப்பதற்கான வழி. ஆனால் அதே கோயிலின் உண்டியல் யார் கை போட்ட பத்து ரூபாயையும் மறுப்பதில்லை. காசு உள்ளே போய்விடுகிறது, போட்டவர் வெளியே நிற்கிறார்.

1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டம் கதவைத் திறந்தது. எண்ணும் மேசை இன்னும் பல ஊர்களில் திறக்கவில்லை. சாட்சிக் கையெழுத்து வாங்கும்போது "ஊர்ப் பெரியவர்கள்" என்று எப்போதும் ஒரே தெருவிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குழுவில் அந்த ஒருவர் இருக்கலாம். உண்டியல் திறக்கும் காலையில் அவருக்குத் தகவல் போனதா என்பதுதான் கேள்வி.

எனவே அறநிலையத்துறையிடம் நாம் கேட்க வேண்டியவை சில. திறப்பு அறிவிப்பு கோயில் வாசலில் மட்டுமல்ல, ஊரின் எல்லாத் தெருவிலும் ஒட்டப்பட வேண்டும். சாட்சிகள் ஒரே தெருவினராக இருக்கக் கூடாது, பெண்களும் இருக்க வேண்டும். முத்திரையின் நிலை, நோட்டு வாரியான பட்டியல், சலான் நகல் மூன்றும் பலகையில் இருக்க வேண்டும். இல்லாத ஊரில் உண்டியல் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் துறை அலுவலகத்திடம் கேளுங்கள். அடுத்த திறப்பு நாளில் நேரில் போய் நில்லுங்கள். "நீ யார்?" என்று கேட்டால் பதில் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது: பக்தர்கள் முன்னிலையில்.