பழகிவிட்டது என்று யார் சொல்வது?

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடத் தூக்கம். நாளுக்கு ஆறு முறை, ஆக மொத்தம் 2 மணி நேரம். ‘ஊபர்மேன்’ என்று பெயர் சூட்டப்பட்ட இந்த அட்டவணையைப் பரப்புகிறவர்கள், முதல் சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும், உடம்பு பழகிவிடும் என்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இதை நம்புகிறார்கள் என்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

பழகிவிட்டதாகச் சொல்வது யார்? தூக்கம் இழந்த அதே மூளைதான். 2003இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமானவர்களைப் பிரித்து, இரவுக்கு 4, 6, 8 மணி நேரம் என 14 நாள் படுக்க வைத்தார்கள். விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை: திரையில் எண் தோன்றியதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அரை நொடிக்கு மேல் தாமதித்தால் அது தவறு. 4 மணி நேரக் குழுவின் தவறுகள் நாளுக்கு நாள் ஏறி, கடைசியில் இரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்தன. 6 மணி நேரக் குழுவும் சரிந்தது. ஆனால் ‘எவ்வளவு தூக்கம் வருகிறது?’ என்று கேட்டபோது, சில நாட்களுக்குப் பிறகு அவர்கள் சொன்ன பதில் பெரிதாக மாறவில்லை. களைப்பின் உணர்வு ஏறுவது நின்றுவிட்டது, சேதம் ஏறுவது நிற்கவில்லை. ஊபர்மேன்காரர்கள் பழக்கம் என்று சொல்வது இதைத்தான்.

சிறு தூக்கத்தில் மூளை நேரே கனவுநிலைக்குப் போகக் கற்றுக்கொள்கிறது என்றும் வாதிடுகிறார்கள். பட்டினி கிடந்தவன் அவசரமாக அள்ளி விழுங்குவதைச் செரிமானத் திறமை என்போமா? மேலும், உடலின் கடிகாரம் அட்டவணைக்கு வளையாது. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் தூக்கம் எளிதில் வராது. விடியலுக்கு முன்போ விழிப்பு நிற்காது. ஆகவே அந்த ஆறில் மாலைத் தூக்கம் வாய்க்காமல் போகும், அதிகாலைத் தூக்கத்தில் அலாரம் காதில் விழாது. இந்த அட்டவணை உடைவது பெரும்பாலும் அங்கேதான். அதை மனவலிமைக் குறைவு என்று பழிப்பது கொடுமை.

தனியே கடல் கடக்கும் பாய்மரப் படகோட்டிகளை உதாரணம் காட்டுவார்கள். விழித்தே ஆகவேண்டிய நாட்களில், கிடைக்கும் கொஞ்சத் தூக்கத்தைத் துண்டாக்கிக்கொள்ளும் வழி அது. கரை சேர்ந்தால் அவர்களும் நீளத் தூங்குவார்கள்.

தூக்கத்தைப் பிரிப்பதில் தவறில்லை, குறைப்பதில்தான் ஆபத்து. பெரியவர்களுக்கு இரவில் ஒரு நீண்ட தூக்கத்தோடு மொத்தம் 7 மணி நேரமாவது வேண்டும். பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10. மதியம் மூன்று மணிக்குள் 20 நிமிடம் கண்ணயரலாம். ஏற்கெனவே இந்த அட்டவணையில் இருப்பவர்கள் இன்றிரவே அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். சில இரவுகள் நன்றாகத் தூங்கி எழும்வரை வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.