டைனமைட்: வெடிக்கும் எண்ணெயை மண் அடக்கியது எப்படி?

1847-ல் இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சோப்ரேரோ நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்தார். கரிமருந்தைவிட பல மடங்கு வலிமையானது. ஆனா, எண்ணெய் போன்ற இந்தத் திரவம் லேசா அதிர்ந்தாலே வெடிச்சிடும். பாறைத் துளையில் ஊற்றினால், விரிசல்களில் கசிந்து தங்கும். அடுத்து துளையிடும்போது உளி அதில் பட்டால், அவ்வளவுதான்! 1864-ல் ஸ்டாக்ஹோமில் ஆல்ஃபிரட் நோபலின் தொழிற்கூடம் வெடித்து, அவருடைய தம்பி எமில் உட்பட பலர் இறந்தனர்.

நோபல் என்ன செய்தார்?

கீசல்கர் என்ற மண்ணை எடுத்தார். நுண்பாசிகளின் ஓடுகளால் ஆன இது, பஞ்சு மாதிரி திரவத்தை உறிஞ்சும். 3 பங்கு நைட்ரோகிளிசரினுக்கு 1 பங்கு மண் சேர்த்தால், குச்சியாக உருட்டும் அளவுக்குப் பிசைந்த மாவு பதம் வரும். சாதாரணமாகக் கையாளும்போது இது வெடிக்காது. வெடிக்க டெட்டனேட்டர் வேண்டும். 1867-ல் காப்புரிமை கிடைத்தது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த 15 கி.மீ. கோத்தார்ட் ரயில் சுரங்கப்பாதைக்கு (1872-1882) இதுதான் கைகொடுத்தது.

முழு பாதுகாப்பா?

இல்லை. ஈரம் பட்டாலோ, நாளானாலோ திரவம் வெளியேறும். குச்சியில் வியர்வை மாதிரி எண்ணெய்த் துளிகள் தெரிந்தால், பழைய ஆபத்து திரும்பிடுச்சுனு அர்த்தம்.

நோபல் எதிர்பார்த்தது என்ன?

இரு படைகள் ஒரே நொடியில் ஒன்றையொன்று அழிக்க முடிகிற நாளில், நாடுகள் பயந்து போரைக் கைவிடும் என அமைதிப் போராளி பெர்தா ஃபான் சுட்னரிடம் சொன்னார். 1896-ல் நோபல் இறந்தார். 1914-ல் முதல் உலகப் போர் வெடித்தது. அழிவைப் பார்த்தும் நாடுகள் நிறுத்தவில்லை.