முப்பது நாளை முந்நூறாக்கினால் தீருமா?

"யூசர் தானாக லாகவுட் ஆகிறாரா? ரெஃப்ரெஷ் டோக்கன் காலாவதி ஆகியிருக்கும். ஆயுளைக் கூட்டிவிடுங்கள்." இந்தப் புகாரை எந்த டெவலப்பரிடம் கொண்டுபோனாலும் முதலில் வரும் மருந்து இதுதான். அது பலிக்காவிட்டால் அடுத்தது, "டோக்கன் ரொட்டேஷனை அணைத்துவிடுங்கள்." அதுவும் வேண்டாம் என்றால் ஒரு பெருமூச்சு: "பாதுகாப்பு வேண்டுமென்றால் அடிக்கடி லாகின் செய்யத்தான் வேண்டும்." மூன்றையும் நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். இப்போது மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

முதல் மருந்தைப் பார்ப்போம். வழக்கமான அமைப்பில் ஆக்சஸ் டோக்கன் கால் மணி நேரம்தான் செல்லும். அது தீர்ந்ததும் ஆப் பின்னணியில் ரெஃப்ரெஷ் டோக்கனைக் காட்டிப் புதிது வாங்கிக்கொள்ளும். சர்வர் மறுத்தால் வரும் பதில் `invalid_grant`. 2012இல் வந்த RFC 6749 இந்த ஒரே சொல்லுக்குள் பல காரணங்களை அடைத்து வைத்திருக்கிறது: டோக்கன் செல்லாது, காலாவதியானது, ரத்தானது, வேறொரு ஆப்புக்குக் கொடுக்கப்பட்டது என எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். நாமோ அதைப் பார்த்ததும் "காலாவதி" என்று படித்துவிடுகிறோம்.

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. மறுக்கப்பட்ட ஒவ்வொரு ரெஃப்ரெஷ் டோக்கனும் எப்போது கொடுக்கப்பட்டது, மறுக்கும்போது அதற்கு வயது என்ன என்று சர்வர் பதிவில் எழுதுங்கள். டோக்கனை எழுதக் கூடாது, அதன் அடையாள எண் போதும். ஆயுள் 30 நாள் என்றால், உண்மையான காலாவதிகள் 30 நாளைத் தாண்டியே வரும். ஐந்து நொடி, இருபது நிமிடம் என்று வயது காட்டும் டோக்கன்களுக்கு ஆயுளை முந்நூறு நாளாக்கினாலும் பயனில்லை.

வயது சரியாக ஏழு நாளில் குவிந்தால் அது தனிக் கதை. கூகுள் லாகினில் உங்கள் ப்ராஜெக்ட் வெளியாருக்கானதாகவும், இன்னும் "Testing" நிலையிலும் இருந்தால், கூகுள் தரும் ரெஃப்ரெஷ் டோக்கன் ஏழே நாளில் செத்துவிடும். பெயர், மின்னஞ்சல், ப்ரொஃபைல் மட்டும் கேட்கும் ஆப்புக்கு விலக்கு உண்டு. சஃபாரியிலும் ஓர் ஏழு இருக்கிறது: யூசர் ஏழு நாள் சஃபாரியைப் பயன்படுத்தியும் உங்கள் தளத்தைத் தொடாவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் எழுதிவைத்த `localStorage` துடைக்கப்படும். எண் ஒன்றுதான், தடயம் வேறு. கூகுள் கதையில் `invalid_grant` வரும். சஃபாரி கதையில் உங்கள் சர்வருக்கு ரெஃப்ரெஷ் கோரிக்கையே வந்திருக்காது, ஏனென்றால் காட்டுவதற்கு டோக்கன் இல்லை. முன்னதற்கு ப்ராஜெக்டின் நிலையை மாற்ற வேண்டும், பின்னதற்கு டோக்கனை வேறிடத்தில் வைக்க வேண்டும்.

வயது சில நொடிகளில் குவிவதுதான் நான் அதிகம் பார்த்தது. அதற்குக் காரணம் ரொட்டேஷன். ஒருமுறை காட்டிய ரெஃப்ரெஷ் டோக்கன் அத்தோடு செல்லாது, பதிலுக்குப் புதியது வரும். செத்த டோக்கனை யாராவது மறுபடி காட்டினால், களவு போனதாகக் கருதி சர்வர் அந்த லாகினின் டோக்கன் வரிசை முழுவதையும் ரத்து செய்யும். இப்போது ஒரு மதியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து ஒருவர் லேப்டாப்பைத் திறக்கிறார். அதில் உங்கள் தளம் இரண்டு டேப்களில் இருக்கிறது, இரண்டிலும் ஆக்சஸ் டோக்கன் தீர்ந்திருக்கிறது. முதல் டேப் A என்ற டோக்கனைக் காட்டி B வாங்குகிறது. அரை நொடி கழித்து இரண்டாவது டேப்பும் A-யைக் காட்டுகிறது. சர்வர் பார்வையில் இது திருட்டு. A-யின் வழிவந்த B-யும் அதோடு வந்த ஆக்சஸ் டோக்கனும் போகின்றன, முதல் டேப் உடனே B-யைக் காட்டினாலும் மறுப்புதான், இரண்டு டேப்பிலும் லாகின் பக்கம் வந்து நிற்கிறது. B பிறந்து ஒரு நொடி ஆகவில்லை. தன் வீட்டுக்குள் நுழைந்தவரையே திருடன் என்று பிடித்த கதை.

"அப்படியென்றால் ரொட்டேஷனை அணைத்துவிடலாமே?" இரண்டாம் மருந்து இங்கேதான் பிறக்கிறது. அணைத்தால் புகார் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் களவு போன டோக்கனும் சத்தமில்லாமல் அதன் ஆயுள் முழுக்க ஓடும். பிரவுசரில் ஓடும் ஆப் போல ரகசியம் காக்க முடியாதவற்றுக்கு, ரொட்டேஷன் வேண்டும் அல்லது டோக்கனை அந்தச் சாதனத்தின் சாவியோடு பிணைக்க வேண்டும் என்று 2025இல் வந்த RFC 9700 கட்டாயமாகவே சொல்கிறது. சரிசெய்ய வேண்டியது டேப்களுக்கு இடையிலான முண்டியடிப்பை. அதற்குப் பிரவுசரிலேயே பூட்டு இருக்கிறது:

```js
await navigator.locks.request("refresh", async () => {
  const exp = Number(localStorage.getItem("exp"));
  if (exp > Date.now() + 30000) return;
  await rotate();
});
```

இதில் டோக்கன்கள் இரண்டும் சர்வர் வைத்த `HttpOnly` குக்கீயில் இருக்கின்றன. ஆக்சஸ் டோக்கன் தீரும் நேரம் மட்டும் `exp` என்று பக்கத்துக்குத் தெரியும், `rotate()` அதைப் புதுப்பிக்கும். பூட்டுக்குள் நுழைந்த பிறகு `exp`-ஐ மறுபடி பார்ப்பதுதான் உயிர்நாடி. காத்திருந்த இரண்டாவது டேப், வேலை ஏற்கெனவே முடிந்ததைக் கண்டு திரும்பிவிடும். அந்த வரியை விட்டுவிட்டால் டேப்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றும் வீணாக ஒரு டோக்கனைச் செலவழிக்கும். சஃபாரி `exp`-ஐத் துடைத்தாலும் கவலையில்லை, கூடுதலாக ஒரு ரெஃப்ரெஷ் நடக்கும், அவ்வளவுதான்.

பூட்டு தீர்க்காத ஒரு சிக்கல் கைபேசியில் வரும். ஆப் A-யைக் காட்டியது, சர்வர் B-யைக் கொடுத்தது, ரயில் சுரங்கத்துக்குள் போனதால் பதில் வந்து சேரவில்லை. வெளியே வந்ததும் ஆப் தன்னிடமுள்ள A-யையே காட்டும். இதற்குச் சர்வரில்தான் இடம் கொடுக்க வேண்டும். பல சேவைகள் முப்பது நொடி போலச் சிறு சலுகை நேரம் வைக்கின்றன. நான் இன்னொரு விதியை விரும்புகிறேன்: B முதன்முறை பயன்படும்வரை A-யையும் ஏற்றுக்கொள்வது. A மறுபடி வந்தால் புதிதாக C கொடுக்கலாம். B, C இரண்டில் எது முதலில் பயன்படுகிறதோ அதுவே நிலைக்கும், பிறகு மற்றது தலைகாட்டினால் வரிசை முழுக்க ரத்து. திருடனும் உரியவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால் இரண்டாமவர் வரும்போது குட்டு உடைந்துவிடும். கண்டுபிடிப்பது சற்றுத் தாமதமாகும், அந்த விலையை ஒளிக்க வேண்டியதில்லை. உரியவர் திரும்ப வராமலே இருந்தால் திருடனை இந்த முறையால் பிடிக்க முடியாது என்பதும் உண்மை.

இதோடு இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். ரெஃப்ரெஷ் தோற்றாலே லாகின் பக்கத்துக்கு அனுப்பும் ஆப்கள் ஏராளம். சர்வர் 503 சொன்னாலோ நெட் இல்லாவிட்டாலோ டோக்கன் கெட்டுவிடவில்லை. `invalid_grant` வந்தால் மட்டுமே அழிக்க வேண்டும், மற்றவற்றுக்குக் காத்திருந்து மறுபடி கேட்டால் போதும்.

"அடிக்கடி லாகின்தான் பாதுகாப்பு" என்ற மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். டோக்கனைத் திருடியவன் எட்டு மணி நேரம் காத்திருக்க மாட்டான், எட்டு நிமிடத்தில் வேலையை முடிப்பான். தினமும் எங்காவது ஒரு பக்கம் பாஸ்வேர்டு கேட்பதற்குப் பழகியவரோ, போலிப் பக்கம் கேட்டாலும் யோசிக்காமல் தட்டச்சு செய்வார். நீண்ட நாள் உள்ளே இருப்பவரிடம் அபாயமான இடத்தில் மட்டும் மறுபடி அடையாளம் கேளுங்கள்: மின்னஞ்சல் மாற்றும்போது, பணம் அனுப்பும்போது, எல்லாத் தரவையும் பதிவிறக்கும்போது. எந்தெந்தச் சாதனத்தில் லாகின் இருக்கிறது என்ற பட்டியலும், ஒன்றைத் தட்டி வெளியேற்றும் பொத்தானும் வேண்டும். பாஸ்வேர்டை மாற்றினால் மற்ற வரிசைகள் எல்லாம் போக வேண்டும்.

காலாவதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயன்படாமல் கிடந்தால் 30 நாள், பயன்பட்டாலும் 180 நாளுக்கு மேல் இல்லை என இரண்டு எல்லை வைக்கலாம். சாதாரண ஆப்புக்கு நான் தொடங்கும் எண்கள் இவை. இரண்டாவது எல்லை, ஆள் பாதிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போதும் வந்து விழும். ஆகவே கடைசி வாரத்தில் ஆப் திறக்கும் தருணத்திலேயே மறு லாகின் கேட்டுவிடுகிறேன், அப்போது அவர் எதையும் தொடங்கியிருக்க மாட்டார்.