படிகாரமும் அரை மதிப்பெண்ணும்

பதினொன்றாம் வகுப்புப் பேரன் படிகாரத்தைப் பற்றி ஒரு வேதியியல் அசைன்மென்ட் எழுதியிருந்தான். சல்ஃபேட் என்று வரும் இடங்களில் ஆங்கிலத்தில் சிலவற்றில் பி.எச்., சிலவற்றில் எஃப். அலுமினியத்திலும் அமெரிக்கர்போல ஓர் ஐ-யை விழுங்கிவிட்டான். அரை மதிப்பெண் போச்சு.

"எதுதான் சரி தாத்தா?"

எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினத்தை வெள்ளைக்காரன் சட்ராஸ் என்றான். பெயர் இரண்டு, ஊர் ஒன்று. இதுவும் அப்படித்தான்.

1990-ல் ஐயுபிஏசி என்ற உலக வேதியியல் அமைப்பு தீர்ப்புச் சொன்னது. அலுமினியத்தில் ஐ இருக்கட்டும், சல்ஃபருக்கு எஃப் போடுங்கள் என்றது. பிரிட்டனுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று! 1992-ல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியும் எஃப்-க்கு மாறிவிட்டது. சல்ஃபர் லத்தீன் சொல், கிரேக்க பி.எச். அதற்கு அவசியமும் இல்லை.

ஆனாலும் பேரனுக்கு நான் சொன்னது இதுதான்: பள்ளியில் உன் பாடநூல் எப்படி அச்சிட்டிருக்கிறதோ, அப்படி எழுது. பின்னாளில் ஆய்வுக் கட்டுரை எழுதினால் ஐயுபிஏசி வழி. எந்த வழியானாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்றாக இருக்கட்டும். சல்ஃபர் மாறினால் சல்ஃபேட்டும் சல்ஃப்யூரிக் அமிலமும் கூடவே மாற வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். கலந்து எழுதினால் திருத்துங்கள். எஃப் எழுதியதற்காக மட்டும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். சல்ஃபைடு என்பதை சல்ஃபைட்டு என்று எழுதினால் குறையுங்கள். அங்கே ஓர் எழுத்து மாறினால் பொருளே வேறு: முன்னதில் ஆக்சிஜன் இல்லை, பின்னதில் உண்டு. பி.எச்., எஃப் சண்டையில் படிகாரம் படிகாரமாகவே இருக்கிறது.